நாட்டாமை, சிணுங்கி, பேச்சி

காங்கேயம் பசு ஈன்ற கன்றுக்குப் பிறந்த அன்றே ‘செவலை’ என்று பெயர் வைத்தால், அரை வருடத்தில் அந்தப் பெயர் பொய்த்துவிடும். காங்கேயம் கன்றுகள் பெரும்பாலும் செந்நிறமாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது செந்நிறம் மறைந்து சாம்பல் படியும். காவிரி டெல்டாவின் உம்பளச்சேரிக் கன்றுக்கும் இதே கதைதான். செவலை என்று கூப்பிட்டுப் பழகிய மாடு மயிலையாக நிற்கும். வீட்டுக்காரர்களுக்கு அது உறுத்தாது. விருந்துக்கு வந்தவர்தான் எந்த மாட்டைச் சொல்கிறார்கள் என்று தேடுவார்.

மயிலை, காரி, செவலை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சுட்டி, வால் குட்டையாக இருந்தால் கூழைவால் என்று உடம்பைப் பார்த்து வைக்கும் பெயர்கள் நம்மிடம் ஏராளம். சந்தையில் அவை நன்றாகவே பயன்படும். ‘வெள்ளிக்கிழமை கொண்டுவந்தீங்களே, அந்தச் சுட்டி மாடு’ என்றால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தரகருக்கும் விளங்கிவிடும். வீட்டுக் கட்டுத்தறியில்தான் இந்தப் பெயர்கள் இப்போது திணறுகின்றன. ஜெர்சி கலப்புப் பசு இரண்டை அருகருகே கட்டினால் இரண்டும் ஒரே பழுப்பு. சேலம் கருப்பு வெள்ளாடு பத்து இருந்தால் பத்தும் உச்சி முதல் குளம்பு வரை கருப்பு. அந்தப் பட்டியில் நின்று ‘கருப்பீ’ என்று கூப்பிட்டால் யார் வருவது?

நாமக்கல் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டில் இருப்பது இந்த இரண்டு வகையும்தான். தாயும் மகளுமாக இரண்டு ஜெர்சி கலப்புப் பசுக்கள், மூன்று கருப்பு வெள்ளாடுகள். தாய்ப்பசு நாட்டாமை, மகள் சிணுங்கி. ஆடுகள் பேச்சி, களவாணி, ஊமச்சி. கேட்டால் திட்டுவது போல இருக்கும். பெரியம்மா பேரனைக் கொஞ்சும்போதும் ‘திருட்டுப்பயலே’ என்றுதான் கொஞ்சுவார். நிறத்தைச் சொல்லும் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. பிறந்த உடனே வைத்த பெயரும் இல்லை.

“குட்டி போட்ட அன்னைக்கே என்னத்தக் கண்டு பேரு வைக்கிறது கண்ணு? அது எப்பிடிப்பட்டதுன்னு அது காட்டட்டும், அப்புறம் வெப்போம்” என்பது பெரியம்மாவின் கணக்கு. அதுவரை கன்றுக்குப் பெயர் ‘கன்னுக்குட்டி’, ஆட்டுக்குட்டிக்குப் பெயர் ‘குட்டி’, அவ்வளவுதான். பெருமாள்முருகன் 2016-இல் எழுதிய நாவலில் வரும் பூனாச்சி மாதிரி, கைக்குள் அடங்கும் குட்டிக்கு உடனே பெயர் வாய்ப்பதும் உண்டு. பெரியம்மா அந்தக் கட்சி இல்லை.

காத்திருப்பது வெறும் பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிணுங்கி தலையீத்து ஈன்றபோது அங்கே இருந்ததில் விஷயம் புரிந்தது.

அப்போது அதற்குப் பெயர் இல்லை, வெறும் கிடாரி. ஈன்று சில நாளில் கறவைக்கு உட்கார்ந்தால் காலைத் தூக்கியது. ஒரு தடவை சொம்பையே உருட்டிவிட்டது. பக்கத்து வீட்டு மாமா ‘உதைகாலின்னு வெச்சிருங்க’ என்று பெயரே சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து மடியைப் பார்த்தார். பின்பக்கக் காம்பு ஒன்றில் நகத்தால் கீறிய மாதிரி வெடிப்பு. கையில் எண்ணெய் இல்லாமல் இழுத்தால் அந்த இடத்தில் சுரீர் என்றிருக்கும். எந்த மாடும் உதைக்கும். மடியை நான்கு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். சூடோ கல்லு மாதிரி இறுக்கமோ இல்லை. முதல் பீச்சுப் பாலைக் கருப்புத் துணியில் விட்டுப் பார்த்தார். திரி திரியாக வந்தால் மடிநோய் என்று பொருள். அப்படி எதுவும் வரவில்லை. மருத்துவர் கொடுத்த களிம்பைக் கறவை முடிந்ததும் தடவியதில் வெடிப்பு ஆறியது. உதையும் நின்றுபோனது.

உதை நின்ற பிறகு எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் குணம். கிடாரி உதைக்கவில்லை, ஆனால் திடுக்கிட்டது. தகரவாளி தரையில் பட்டால் தோல் சிலிர்க்கும். பின்னாலிருந்து யாராவது வந்தால் உடம்பை வளைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கும். புதிதாக வாங்கிய நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்தால், தாகமாக இருந்தாலும் மூக்கை நீட்டி மோந்து, பின்வாங்கி, மறுபடி மோந்து அரைமணி நேரம் கழித்துத்தான் வாயை வைக்கும். தாய்ப்பசு அதே தொட்டிக்கு நேராக வந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு, மகள் கிட்டே வந்ததும் கொம்பை ஆட்டியது. அது நாட்டாமை. இது சிணுங்கி. தொட்டாச்சிணுங்கிச் செடியிலிருந்து வந்த பெயர்.

குணம் பார்க்க இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. கையை வீசாமல், பக்கவாட்டில் மெதுவாக நெருங்கும்போது எவ்வளவு தூரத்தில் மாடு நகரத் தொடங்குகிறது என்று பார்க்கலாம். பழகாத பொருளுக்கு என்ன செய்கிறது, தீனி வைக்கும்போது யார் யாரைத் தள்ளுகிறார்கள், மடியில் கை வைத்ததும் காது எந்தப் பக்கம் திரும்புகிறது, இவையும் போதும். ஒரே ஒரு நாளில் பார்த்ததை நம்பக் கூடாது என்பதுதான் முக்கியம். திடீரென்று சாதுவான மாட்டுக்குக் காய்ச்சல் இருக்கலாம். திடீரென்று ஓயாமல் கத்தும் பசு பருவத்துக்கு வந்திருக்கலாம். பசுவுக்கு இது ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை வரும்; வந்தால் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அன்றைக்குப் பார்த்து ‘வாயாடி’ என்று பெயர் வைத்தால், சினை ஊசி போடவேண்டிய நேரத்தைக் கோட்டைவிட்டதும் தெரியாமல் போகும். வாரக்கணக்கில், உடம்பு சரியாக இருக்கும் நாட்களில் மாறாமல் வருவதையே குணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாடு வாங்குவதற்கு முன்னால் சுழி பார்ப்பதும் நம் ஊரில் உண்டு. நம் சுழி சாஸ்திரம் பெரும்பாலும் வாங்குகிறவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றியது. மாட்டின் குணத்தைப் பற்றிக் குறைவாகவே பேசும். அமெரிக்காவில் கால்நடைகளைப் பற்றி ஆராயும் டெம்பிள் கிராண்டினும் அவருடன் வேலை செய்தவர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் மாடுகள் அடைத்து நிறுத்தும்போது சராசரியாகக் கூடுதலாக மிரண்டன என்று வந்தது. கூட்டமாகப் பார்த்தால் தெரிகிற போக்கு அது. உங்கள் கட்டுத்தறியில் நிற்கும் ஒரு மாட்டைப் பற்றிச் சுழி உறுதியாக எதுவும் சொல்லிவிடாது. ஒரு மாதம் கூடவே இருந்து பார்ப்பதற்கு ஈடாகாது.

சரி, சிணுங்கி என்ற பெயரால் என்ன லாபம்? பெரியம்மா திருமணத்துக்கோ துக்கத்துக்கோ வெளியூர் போனால் கறவை மருமகள் கைக்கு வரும். ‘நாட்டாமைக்குத் தீனியை முதலில் வை, சிணுங்கி கிட்டே குரல் கொடுத்துட்டுப் போ’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; பெயரே சொல்லிவிடுகிறது. நாட்டாமைக்கு இரண்டாவதாகத் தீனி வைத்தால் அது மகளுடைய பங்கைத் தட்டிப் பறிக்கும். மகள் அரைவயிற்றோடு நிற்கும்.

குரல் கொடுப்பது ஏன் என்றால், மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்குக் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும். நேர் பின்பக்கம் மட்டும் தெரியாது. அந்த இடத்திலிருந்து சத்தமில்லாமல் ஒரு கை மடியில் பட்டால் மிரண்ட மாடு உதைத்துவிட்டுத்தான் யோசிக்கும். நாலடி தள்ளி நின்றே ‘சிணுங்கீ’ என்று நீட்டிச் சொன்னால் அதன் காது திரும்பும். காது திரும்பியதும் எப்போதும் போகும் அதே பக்கமாகப் போய், முதுகில் கை வைத்து, அங்கிருந்து கையை எடுக்காமலே மடிக்குக் கொண்டுபோகலாம். நாட்டாமையிடம் இந்தச் சடங்கெல்லாம் வேண்டாம். நீங்கள் வந்தீர்களா, தீனி வந்ததா என்பதுதான் அதற்குக் கவலை.

பாலும் இதில் அடங்கியிருக்கிறது. கன்று முட்டினாலோ கை மடியைத் தடவினாலோ பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடியை எட்டும். ஒரு நிமிடம் போல ஆகும். அதன் பிறகுதான் மடிக்குள் சிறு சிறு அறைகளில் நிற்கும் பால் காம்புக்கு இறங்கும். அது வேலை செய்வது சில நிமிடங்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் மாடு பயந்தால், பயத்தில் ஊறும் அட்ரினலின் இந்த வேலையைத் தடுத்துவிடும். ‘மாடு பாலை அடக்கிக்கிச்சு’ என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். மாடு வேண்டுமென்றே செய்வதாக நினைத்து அதட்டினால் இன்னும் அடங்கும். 1999-இல் ரஷனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், தங்களை முரட்டுத்தனமாக நடத்தியவர் கறவையின்போது பக்கத்தில் நின்றாலே பசுக்களின் மடியில் கறக்காமல் தங்கும் பால் கணிசமாகக் கூடியது.

பெயர் வைத்தால் பால் கூடும் என்று செய்தி படித்தவர்கள் இருப்பீர்கள். அதன் மூலம் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம். கேத்தரின் பெர்டன்ஷா, பீட்டர் ரோலின்சன் இருவரும் 516 பால்பண்ணைக்காரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். பசுக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் 305 நாள் கறவைக்கு ஒரு மாட்டுக்கு 258 லிட்டர் கூடுதலாக இருந்தது. நாளுக்கு முக்கால் லிட்டரைச் சற்றுத் தாண்டும். சிரிக்கவும் வைத்து யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2009-இல் அவர்களுக்குக் கிடைத்தது. இதிலிருந்து, பெயரைச் சொன்னால் பால் பொங்கும் என்று முடிவுகட்ட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அந்த மாட்டின் காம்பு வெடிப்பையும் பார்த்திருப்பார், தீனி மிச்சம் வைத்ததையும் பார்த்திருப்பார். பால் எதனால் கூடியது என்பதை அந்தக் கேள்வித்தாள் பிரித்துக் காட்டவில்லை. என் கணக்கில், பெயர் என்பது பார்த்துக்கொள்வதன் அடையாளம். பார்க்காமல் வைத்த பெயரால் ஒரு சொட்டும் கூடாது.

ஆடுகள் வேறு ரகம். பசுவைவிட ஆட்டின் குணம் சீக்கிரம் வெளிவரும். பால் மறக்கும் முன்பே தெரிந்துவிடும். பேச்சி குட்டியாக இருந்தபோதே யாராவது வாசலைத் தாண்டினால் கத்தும், தாண்டாவிட்டால் ஏன் தாண்டவில்லை என்று கத்தும். “அவ வாயத் தொறந்தா மூட மாட்டா” என்று பெரியம்மா குலதெய்வத்தின் பெயரையே வைத்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கத்து ஊரிலெல்லாம் பேச்சியம்மன் கோயில் இருப்பதால், பெரியம்மா சத்தம் போட்டுக் கூப்பிடும்போது யாராவது திரும்பிப் பார்ப்பதும் உண்டு.

களவாணிக்கு எந்தக் கதவு தாழ் போடாமல் இருக்கிறது என்பது தெரியும். மற்ற ஆடுகள் கூடையில் வைத்த கொடியைத் தின்றுகொண்டிருக்கும்போது இது சமையலறைப் பக்கம் போய்விடும். இந்தப் பெயர் சிரிப்புக்காக வைத்தது இல்லை. வெள்ளாடு பசுந்தழையோடு எப்போதாவது ஒரு கை தானியம் தின்றால் ஒன்றும் ஆகாது. மூட்டையில் தலையை விட்டு அரிசியையோ கம்பையோ வயிறு நிறையத் தின்றுவிட்டால், அது வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகி ஆட்டைச் சாய்த்துவிடும், உயிரும் போகலாம். களவாணி இருக்கும் வீட்டில் அரிசி டிரம்மின் மூடி மேல் எப்போதும் ஒரு கருங்கல் இருக்கும். புதிதாக வீட்டுக்கு வரும் மருமகளோ வேலைக்காரரோ கல் எதற்கு என்று கேட்டால், ஆட்டின் பெயரைச் சொன்னால் போதும்.

ஊமச்சி விஷயத்தில்தான் பெயர் காலை வாரியது. அது சத்தமே போடாது, ஓரமாக நிற்கும், கூட்டத்தில் கடைசியாக வரும். ஒரு நாள் மாலை அப்படியே ஓரமாக நின்றது. ‘அவ எப்பவும் அப்பிடித்தானே’ என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இருட்டும் நேரத்தில் பெரியம்மா கைபோட்டுப் பார்த்தால் இடப்பக்க விலா பானை மாதிரி உப்பியிருக்கிறது. தட்டினால் டம் டம் என்கிறது. அசைபோடவே இல்லை. வயிற்று உப்புசம். மருத்துவர் வந்து சரியானது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்பே தெரிந்திருக்க வேண்டியது. அதே ஆபத்து பேச்சிக்கும் உண்டு: எப்போதும் கத்துகிற ஆடு பருவத்துக்குக் கத்துவது யாருக்குக் கேட்கும்? அதனால் பேச்சிக்குச் சத்தத்தைப் பார்ப்பதில்லை. வாலைப் படபடவென்று ஆட்டுகிறதா, மற்ற ஆடுகள் மேல் தாவுகிறதா, தீனியைக் குறைத்ததா என்று பார்க்கிறார்கள். ஊமச்சிக்கு மாலையில் அசைபோடுகிறதா என்று ஒரு பார்வை. ஒரு பிராணிக்குக் குணப்பெயர் வைத்தால், அந்தக் குணம் எந்த நோயை மறைக்கும் என்பதையும் சேர்த்தே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயரைப் பழக்குவது கஷ்டமில்லை. தீனிக் கூடை கையில் இருக்கும்போது முதலில் பெயரைச் சொல்லி, அது தலையைத் தூக்கியதும் அதற்கு மட்டும் ஒரு பிடி கொடுப்பது, வேறு ஆடு முந்திக்கொண்டு வந்தால் கொடுக்காமல் இருப்பது. சில நாளில் பிடித்துக்கொள்ளும். ஊசி போடவோ மருந்து புகட்டவோ பிடிக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அப்படி இரண்டு முறை ஏமாந்த ஆடு மூன்றாவது முறை பெயரைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் ஓடும். ஒலியும் முக்கியம். குட்டி, சுட்டி, பொட்டி என்று வைத்தால் ஒன்றைக் கூப்பிட்டு மூன்றும் வரும். பேச்சி, களவாணி, ஊமச்சி என்று முதல் எழுத்திலேயே பிரிந்துவிட்டால் குழப்பம் குறைவு. தூரத்துக் காட்டிலிருந்து கூப்பிட வேண்டுமானால் கடைசி எழுத்தை நீட்ட முடிகிற பெயர் நல்லது.

இத்தனை பெயரும் அரசாங்கக் கணக்கில் கிடையாது. பசு, எருமைகளின் காதில் மஞ்சள் தோடு குத்தி அதில் 12 இலக்க எண் கொடுக்கிறார்கள். தடுப்பூசி, சினை ஊசி, காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். மருத்துவர் எண்ணைக் கேட்பார், பெரியம்மா ‘நாட்டாமைக்குங்க’ என்பார். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாயிற்று: பக்கத்தின் மேலே பெயர், கீழே தோட்டு எண், பிறகு ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி. தோடு அறுந்து விழுந்தாலும் எந்த எண் யாருடையது என்று தேட வேண்டியதில்லை.

பெயர் வைக்காத ஜீவன்களும் அந்த வீட்டில் உண்டு. ஆட்டுக் கடாக்குட்டிகள் சில மாதத்தில் வியாபாரி கைக்கோ கோயிலுக்கோ போகும். அவற்றுக்குப் பெரியவர்கள் பெயர் வைப்பதில்லை, ‘கடா’ என்பதோடு சரி. பிள்ளைகளைத் தடுக்க முடியாது. போன முறை ஒன்றுக்கு யாருக்கும் தெரியாமல் ‘ரஜினி’ என்று வைத்து, விற்ற அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாட்டை விற்கும்போது பெயரையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவது பெரியம்மாவின் வழக்கம். வாங்குகிறவர் எப்படியும் கேட்பார்: சாதுவா, உதைக்குமா, பொம்பளைங்க கறந்தா நிக்குமா என்று. பதிலை நம்புவதில்லை, விற்கிறவர் எல்லோரும் சாது என்றுதான் சொல்வார்கள். ‘இது பேரு சிணுங்கி. பின்னாலிருந்து போகாதீங்க, வாளியச் சத்தமா வைக்காதீங்க, குரல் குடுத்துட்டுப் போனா ஒண்ணும் பண்ணாது’ என்றால் அது வேறு. சிணுங்கியை விற்கும் பேச்சு வந்தபோது ஒருவர் இதைக் கேட்டு, விலையில் ஆயிரம் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். மாடு இன்னும் கட்டுத்தறியில்தான் இருக்கிறது.